உணவு வேன் தேர்வு: பாசிர் கூடாங்கில் மின்சாரம், எடை, அனுமதி

நடமாடும் உணவுக் கடையாக மாற்றுவதற்கு வேன் வாங்குவோர் பெரும்பாலும் வேனில் தொடங்கி அனுமதியில் முடிக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. என்ன சமைக்கப் போகிறோம் என்பது எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. மின்சாரம் எடையையும், எடை வேனையும் தீர்மானிக்கின்றன. வேனின் தகட்டை எந்த இடத்தில் வெட்டலாம் என்பதைச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே தீர்மானிக்கிறது. ஜோகூரின் பாசிர் கூடாங்கை எடுத்துக்கொண்டு இந்த வரிசையை இக்கட்டுரை விளக்குகிறது.

பாசிர் கூடாங் தொழிற்சாலை நகரம். 1977-இல் ஜோகூர் துறைமுகம் இங்கே செயல்படத் தொடங்கியது. அதைச் சுற்றி கப்பல் கட்டும் தளமும், செம்பனை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், இரசாயனத் தொழிற்சாலைகளும் வளர்ந்தன. 2008-இல் நகராண்மைக் கழகமாகவும் 2020 நவம்பரில் மாநகராகவும் உயர்ந்தது. இன்று அங்காடி உரிமம் வழங்குவது எம்பிபிஜி எனப்படும் பாசிர் கூடாங் மாநகர் மன்றம்தான். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரே சமயத்தில் கூட்டம் வரும், பிறகு ஓய்ந்துவிடும். ஆகவே இங்குள்ள உணவு வேன் குறுகிய நேரத்தில் நிறைய விற்க வேண்டும், அதன்பின் இடம் மாறவும் வேண்டும். பெரிய லாரியைவிடச் சிறிய வேன் இதற்குப் பொருந்துகிறது.

எந்த வேன்

மலேசியச் சிறு வியாபாரிகளிடையே பல ஆண்டுகளாகப் பழகிய வண்டி நிசான் வானெட் சி22. உள்நாட்டிலேயே பொருத்தப்பட்டது. 1.5 லிட்டர் பெட்ரோல் இயந்திரம், எளிய அமைப்பு, எந்தப் பட்டறையிலும் பழுது பார்ப்பார்கள், உதிரிப் பாகமும் கிடைக்கும். அதற்கு அடுத்த தலைமுறையில் டைஹாட்சு கிரான் மேக்ஸ், நிசான் என்வி200 ஆகியவை வருகின்றன. பெரிய அளவில் டொயோட்டா ஹையேஸும் நிசான் என்வி350-யும் உள்ளன.

வானெட், கிரான் மேக்ஸ், ஹையேஸ் மூன்றிலும் இயந்திரம் முன் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. இருக்கைக்குப் பின்னால் அலமாரியை அடைத்துக் கட்டினால், நீர்க்குழாய் கசியும்போது இருக்கையைத் தூக்க முடியாமல் அலமாரியைக் கழற்ற வேண்டிவரும். என்வி200-இல் இயந்திரம் முன்பக்கம் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. அதன் தளமும் தாழ்வானது. ஆனால் அது முன்சக்கர இயக்கம் கொண்டது. பின்னால் பாரம் கூடினால் முன்சக்கரப் பிடிப்பு குறையும்.

தாழ்ந்த கூரை வேனில் நிமிர்ந்து நின்று சமைக்க முடியாது. குனிந்து சமைக்க ஒரு வாரம் முடியும், ஒரு வருடம் முடியாது. ஆகவே இவற்றில் அடுப்பைப் பின்கதவு ஓரம் வைத்து, சமைப்பவர் தரையில் நின்று, மேலே திறந்த கதவையும் கூடாரத் துணியையும் நிழலாகக் கொள்வதே வழக்கம். வேனுக்குள் நின்று விற்பதென்றால் உயர்கூரை ஹையேஸ் போன்றதுதான் வேண்டும். அப்போது விற்கும் பலகை வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே உயர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மலேசியாவில் வண்டிகள் இடப்புறம் ஓடுவதால், சன்னல் இடப்பக்கம், அதாவது சாலை ஓரத்தை நோக்கியே இருக்க வேண்டும்.

பழைய வேனில் முதலில் பார்க்க வேண்டியது துரு. கடற்கரையும் ஆலைக் காற்றும் உள்ள ஊரில் இது மற்ற ஊர்களைவிட முக்கியம். சக்கர வளைவின் உட்புறத்தையும், நகர்கதவின் கீழ்த் தண்டவாளத்தையும், முன் இருக்கைத் தள விளிம்பையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். தகடு கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே புட்டி பூசியிருக்கிறார்கள் என்று பொருள்.

மின்சாரம்: வெப்பத்தைக் கேஸிடம் விடுங்கள்

எல்லாப் பிழைக்கும் மூலம், வெப்பம் தரும் கருவிகளை மின்சாரத்தில் ஓட்ட நினைப்பது. 3,000 வாட் மின்சாரப் பொரிப்பான் ஒரு மணி நேரம் ஓடினால் 3 கிலோவாட்-மணி போய்விடும். தோசைக்கல், பொரியல் சட்டி, தேநீர் வெந்நீர் எல்லாமே கேஸில் இருக்கட்டும். மின்சாரம் வெளிச்சத்துக்கும் குளிருக்கும் காற்றுக்கும் மட்டும் போதும்.

தோசையும் தே தாரிக்கும் விற்கும் ஒரு வேனை எடுத்துக்கொள்வோம். சிறிய உறைபெட்டி ஓடும்போது 120 வாட் எடுத்தாலும் பாதி நேரம்தான் ஓடும், சராசரி 60 வாட். எல்இடி விளக்குகள் 40, புகைபோக்கி விசிறி 60, கைபேசி போன்றவை 10. மொத்தம் 170 வாட், 6 மணி நேரத்துக்கு 1,020 வாட்-மணி. சட்னி அரைக்கும் 500 வாட் மிக்ஸி இடையிடையே மொத்தம் 12 நிமிடம் ஓடினால் இன்னும் 100. இன்வெர்ட்டரில் இழப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 1,300 வாட்-மணி.

200 ஆம்பியர்-மணி கொண்ட 12 வோல்ட் லித்தியம் பாஸ்பேட் பேட்டரியில் சுமார் 2,560 வாட்-மணி இருக்கும். அதாவது கடை முடியும்போது பாதி மிச்சம். 100 ஆம்பியர்-மணி வாங்கினால் கடை மூடுவதற்குள் இருட்டிவிடும். இரவில் வீட்டில் 13 ஆம்பியர் பிளக்கில் 30 ஆம்பியர் சார்ஜரைச் செருகினால், விடிவதற்குள் அன்று செலவானது நிரம்பிவிடும்.

இன்வெர்ட்டரைச் சராசரியை வைத்து வாங்கக் கூடாது. உறைபெட்டியின் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் 600 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதே நொடியில் மிக்ஸியும் ஓடினால், மற்றவற்றையும் சேர்த்துத் தேவை 1,200 வாட்டைத் தாண்டும். அதனால் 2,000 வாட் தூய அலை இன்வெர்ட்டர் தேவை. அந்த நேரத்தில் 12 வோல்ட் பக்கம் 100 ஆம்பியருக்கு மேல் ஓடும். கேபிள் விரல் பருமனாகவும் ஒரு மீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும், பேட்டரி முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். விளக்கு மங்கி, உறைபெட்டி 'டக்' என்று ஒலித்து நின்று மறுபடி முயன்றால் காரணம் பேட்டரி அல்ல, பெரும்பாலும் மெலிந்த கேபிள். கையால் தொட்டால் சூடாக இருக்கும்.

வேன் ஓடும்போதே சார்ஜ் ஏற வேண்டுமென்றால் இடையில் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். லித்தியம் பேட்டரி கிடைத்ததையெல்லாம் இழுக்கும். பழைய வேனின் சிறிய ஆல்டர்னேட்டர் அதில் கருகிவிடும்.

ஜெனரேட்டரும் வழிதான். 2 கிலோவாட் அளவுள்ள இன்வெர்ட்டர் ரகம் 20 கிலோவுக்குச் சற்று மேல்தான் எடை. ஆனால் தாமான்களின் நடுவே அதன் சத்தம் முதல் வாரத்திலேயே புகாரைக் கொண்டுவரும். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருப்பதால் வேனுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ வைக்கவே கூடாது. மானியப் பெட்ரோலைத் தகரத்தில் வாங்குவதற்கும் தனி அனுமதி தேவை. ஆகவே மேற்சொன்ன அளவுக்குள் நிற்கும் கடைக்குப் பேட்டரியே சரி.

எடை: கிராண்டில் உள்ள இரண்டு எண்கள்

வாகனப் பதிவுச் சான்றிதழான கிராண்டிலும் வணிக வண்டிகளின் பக்கவாட்டிலும் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று சரக்கில்லாத எடை, மற்றது சரக்கோடு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை. இரண்டின் வித்தியாசம்தான் உங்கள் கையிருப்பு.

ஓர் எடுத்துக்காட்டு: சரக்கில்லாத எடை 1,150 கிலோ, உச்ச எடை 1,950 கிலோ என்றால் கையிருப்பு 800 கிலோ. தளம், சுவர் பலகைகள் 80. துருப்பிடிக்காத எஃகு மேசையும் தொட்டியும் 90. தோசைக்கல்லும் அடுப்பும் 60. 14 கிலோ கேஸ் தோம்பு இரண்டு, தோம்பின் வெற்று எடையோடு 58. 60 லிட்டர் தண்ணீர், கலன்களோடு 70. உறைபெட்டியும் அதிலுள்ளவையும் 60. கூடாரத் துணி 25. பேட்டரி, இன்வெர்ட்டர், கேபிள் 50. மாவு, சரக்கு 60. மடிப்பு மேசை, நாற்காலிகள் 60. இரண்டு ஆள் 130. கூட்டினால் 743 கிலோ. மிச்சம் 57 கிலோதான்.

இதே கணக்கில் லித்தியத்துக்குப் பதிலாக ஈய-அமிலப் பேட்டரி வைத்தால் என்ன ஆகும்? அதில் பாதி மட்டுமே பயன்படுத்தலாம் என்பதால் 200 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டு வேண்டும். அவை சேர்ந்து 100 கிலோவைத் தாண்டும், லித்தியம் 25 கிலோ அளவில் நின்றுவிடும். மிச்சமிருந்த 57 கிலோ அங்கேயே கரைந்து, வண்டி வரம்பை மீறிவிடும். லித்தியத்தின் விலையைப் பார்த்துத் தயங்குவோர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கழிவு நீர்க் கலனைத் தனிப் பாரமாகச் சேர்க்க வேண்டியதில்லை. சுத்த நீர் குறையக் குறையத்தான் அது நிறையும். ஆனால் இரண்டு கலன்களும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். எதிரெதிரே வைத்தால் மாலையில் ஒரு பக்கம் சாய்ந்த வண்டி இரவில் மறுபக்கம் சாயும். கழிவைச் சாலையோரக் கால்வாயில் ஊற்றக் கூடாது. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் 111 பள்ளிகளை மூட நேர்ந்த ஊர் இது.

கேஸ் தோம்புகளுக்குத் தனி அறை வேண்டும். அதன் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அடித்தளத்தில் காற்றுத் துளை இருக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். தோம்பு மாற்றும் ஒவ்வொரு முறையும் இணைப்பில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

கணக்கு எவ்வளவு கவனமாக இருந்தாலும், முழுச் சரக்கோடு லாரி நிறுக்கும் எடை மேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிட வேண்டும். முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தி ஓர் எண், பின் முழு வண்டிக்கும் ஓர் எண் எடுத்தால் அச்சுவாரியாகத் தெரியும்.

அனுமதி: வெட்டுவதற்கு முன் கடிதம்

முதலில் கிராண்டில் வகையைப் பாருங்கள். சரக்கு வேனாகப் பதிவானதா, கண்ணாடிச் சன்னலும் இருக்கைகளும் கொண்ட தனியார் வேனா? சரக்கு வேனாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. தனியார் வேனில் வகை மாற்றம் என்ற வேலையும் சேர்ந்துகொள்ளும். வண்டி இன்னும் வங்கிக் கடனில் இருந்தால் உருமாற்றத்துக்கு வங்கியின் ஒப்புதலும் வேண்டும்.

அடுத்து, பட்டறை வரைந்த அளவுப் படத்தோடு ஜேபிஜேயிடம் விண்ணப்பித்து, ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த பிறகே தகட்டை வெட்ட வேண்டும். கட்டி முடித்தபின் வாகனப் பரிசோதனை, அதில் தேறியபின் கிராண்டில் மாற்றம் பதிவாகும். படத்தில் இல்லாத ஒரு சன்னலோ கூரைப் பெட்டியோ கட்டும்போது முளைத்தால் பரிசோதனையில் நின்றுவிடும். மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்திடம் அறிவிக்காவிட்டால் விபத்தின்போது இழப்பீடு கிடைப்பது கடினம்.

உணவுப் பக்கத்தில் 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் அதன் கீழுள்ள 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளும் பொருந்தும். உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் உணவுக் கையாளுநர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். தடுப்பூசி 3 ஆண்டுக்குத்தான், தேதியைக் குறித்து வையுங்கள். தொழிலை எஸ்எஸ்எம்-இல் பதிவு செய்ய வேண்டும்.

கடைசியாக வருவதுபோல் தோன்றினாலும் முதலில் விசாரிக்க வேண்டியது இடம். மாநகர் மன்றத்தின் உரிமம் வேனுக்கு மட்டுமல்ல, அது நிற்கும் இடத்துக்கும் பொருந்துகிறது. பாசிர் கூடாங் நெடுஞ்சாலை ஓரமோ ஆலை வாயிலோ காலியாகக் கிடக்கிறது என்பதால் அங்கே கடை போட்டுவிட முடியாது. சாலையோர நிலத்துக்கும் ஆலை வளாகத்துக்கும் உரியவர்கள் வேறு வேறு தரப்பினர். எந்த இடம், எந்த நேரம், எந்த அளவு வண்டி என்று மன்றத்தின் உரிமப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிட்டால், உயர்கூரை வேன் தேவையா, தாழ்ந்த கூரையே போதுமா என்பதும் அங்கேயே தெளிவாகிவிடும்.

சமைப்பவர் ஒருவர், உதவியாளர் ஒருவர் என்ற அளவிலான கடைக்கு, சரக்கு வேனாகப் பதிவான கிரான் மேக்ஸ் அளவு வண்டியும், கேஸ் அடுப்பும், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியும் போதுமானவை. ஏற்கனவே கட்டி முடித்த வேனை வாங்குவோர், கிராண்டில் அந்த உருமாற்றம் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே முன்பணம் கொடுங்கள். பதிவில்லாத வேனை வாங்காதீர்கள்.