0.97 குழந்தை பெற முடியுமா? பிறப்பு, ஆயுள் கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

சிங்கப்பூரின் மொத்தக் கருவுறுதல் விகிதம் 2023இல் 0.97. முதன்முறையாக அது 1க்குக் கீழ் இறங்கியது. "என் அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், பக்கத்து வீட்டில் மூன்று. இந்த 0.97 எங்கிருந்து வந்தது?" என்று நீங்கள் கேட்கலாம்.

அந்த எண் உண்மையான எந்தப் பெண்ணையும் பற்றியது அல்ல. அது கற்பனைப் பெண் ஒருத்தியின் கதை.

கணக்கு இப்படித்தான் போகும்

15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களை ஐந்தைந்து வயதாக ஏழு பிரிவுகளாகப் பிரிப்பார்கள். அந்த ஓர் ஆண்டில் ஒவ்வொரு பிரிவிலும் 1,000 பெண்களுக்கு எத்தனை குழந்தைகள் பிறந்தன என்று பார்ப்பார்கள். புரிவதற்காக நாமே சில எண்களை வைத்துக்கொள்வோம். இளைய பிரிவிலிருந்து வரிசையாக 2, 10, 50, 86, 42, 10, 0. கூட்டினால் 200.

ஒரு பெண் ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து ஆண்டு இருப்பாள். அதனால் 200ஐ 5ஆல் பெருக்க வேண்டும். 1,000 பெண்களுக்கு 1,000 குழந்தைகள், அதாவது ஒருத்திக்கு 1.0. ஒரு பெண் தன் வாழ்நாள் முழுவதும் இந்த ஓர் ஆண்டின் விகிதங்களின்படியே நடந்தால் அவளுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதுதான் அந்த எண்.

திருமணமாகாத பெண்களும் இந்த 1,000 பேரில் அடக்கம். உங்கள் அக்காவின் இரண்டு பிள்ளைகளும் 0.97உம் முரண்படாமல் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

புலி ஆண்டும் கடல்நாக ஆண்டும்

ஓர் ஆண்டை வைத்து வாழ்நாளைக் கணிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. புலி ஆண்டான 1986இல் சிங்கப்பூரின் விகிதம் 1.43. கடல்நாக ஆண்டான 1988இல் 1.96. இரண்டே ஆண்டில் பெண்களின் வாழ்நாள் குடும்ப அளவு அவ்வளவு பெருகிவிடுமா, என்ன? இடையில் 1987இல் அரசாங்கக் கொள்கையும் மாறியது உண்மைதான். ஆனால் பல சீனக் குடும்பங்கள் புலி ஆண்டைத் தவிர்த்து, நல்ல ஆண்டுக்காகக் குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போட்டதும் அதில் சேர்ந்திருக்கிறது. தள்ளிப்போட்டால் விகிதம் விழும். தள்ளிப்போட்ட குழந்தைகள் பிறக்கும்போது அது எழும். ஓர் ஆண்டின் ஏற்றத்தையோ இறக்கத்தையோ மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது என்பது இதனால்தான்.

ஆயுட்காலமும் அதே பாணிதான்

இங்கே 100,000 கற்பனைக் குழந்தைகள். முதல் வயதுக்குள் இறப்பவர்கள் ஆயிரத்துக்கு 2 என்றால் 200 பேர் குறைவார்கள், 99,800 பேர் அடுத்த வயதுக்குப் போவார்கள். அவர்கள் மீது அதே ஆண்டில் ஒரு வயதுப் பிள்ளைகளுக்கு இருந்த இறப்பு விகிதம், பிறகு இரண்டு வயது விகிதம் என்று கடைசி ஆள் வரை போகும். எல்லாரும் வாழ்ந்த ஆண்டுகளைக் கூட்டி 100,000ஆல் வகுத்தால், பிறக்கும்போது எதிர்பார்க்கப்படும் ஆயுட்காலம் கிடைக்கும்.

சிங்கப்பூரில் அது சுமார் 83 ஆண்டு. கொவிட் காலத்தில், 2021இலும் 2022இலும், சற்றுக் குறைந்தது. அந்த ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள் சீக்கிரம் இறந்துவிடுவார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. அன்றைய முதியோரின் இறப்பு விகிதம் கணக்கில் ஏறியது, அவ்வளவுதான். அதேபோல் 80 வயது தாத்தாவுக்கு இன்னும் மூன்று ஆண்டுதான் என்றும் சொல்ல முடியாது. 80 வரை வந்துவிட்டவர்களுக்கு மீதமுள்ள ஆயுள் அதைவிட அதிகம். அதைத் தனியாகக் கணக்கிடுவார்கள்.

வட்டாரங்களை ஒப்பிடும்போது

ஒரு மாநிலத்தின் இறப்புகளை அதன் மக்கள்தொகையால் வகுத்தால் போதாதா? போதாது. பல இளையர்கள் வேலைக்காக வெளியேறி, முதியோர் விகிதம் கூடியிருக்கும் பேராக், இளையர் வந்து குவியும் சிலாங்கூரைவிட ஆரோக்கியம் குறைந்த இடம்போல் தெரியும். வயதுவாரியாகப் பிரித்துக் கணக்கிட்டால்தான் அந்த மயக்கம் நீங்கும். மலேசியாவில் பினாங்கின் கருவுறுதல் விகிதம் ஆகக் குறைந்த வரிசையிலும், திரெங்கானுவினுடையது உயர்ந்த வரிசையிலும் இருக்கின்றன. இது வயதுக் கலவையால் வரும் வேறுபாடு அல்ல என்று துணிந்து சொல்ல முடிவது இந்த முறையால்தான்.

இன்னொரு பொறி, நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்தது: தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஜொகூரில் வசிக்கும் பெண் ஈப்போவில் பிள்ளை பெறுகிறாள். குழந்தையை ஈப்போ கணக்கிலும் அம்மாவை ஜொகூர் கணக்கிலும் வைத்தால் இரண்டு இடத்து விகிதமும் கோணலாகிவிடும். அதனால் பிரசவம் நடந்த இடத்தை விட்டுவிட்டு, தாய் வழக்கமாக வசிக்கும் இடத்தைத்தான் எடுக்க வேண்டும். பெரிய மருத்துவமனை உள்ள ஒரு சின்ன மாவட்டத்தின் விகிதம் மட்டும் திடீரென்று உச்சத்தில் நின்றால், முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

யாரை எண்ணினார்கள் என்பதையும் பாருங்கள். சிங்கப்பூரின் 0.97 குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும் அடங்கிய எண். வெளிநாட்டு ஊழியர்கள் அதில் இல்லை. பெர்லிஸ் போன்ற சிறிய மாநிலத்திலோ, சில வயதுப் பிரிவுகளில் பிறப்பும் இறப்பும் மிகச் சிலவே. ஒரு சில கூடினாலோ குறைந்தாலோ விகிதம் ஆட்டம் காணும். அங்கெல்லாம் மூன்று ஆண்டுத் தரவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு, பிறகு பெரிய மாநிலத்தோடு ஒப்பிடுவது பாதுகாப்பானது.