வாட்டர்மார்க் நீக்கம்

வாட்டர்மார்க் நீக்கம் என்பது, ஒளிப்பட விற்பனை நிறுவனங்கள் பார்வைக்காக வெளியிடும் மாதிரிப் படத்தில் பதிந்துள்ள நிறுவனப் பெயரையும் பட எண்ணையும் அனுமதியின்றி அழிப்பதாகும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 உரிமையாளர் பெயர், படைப்பை அடையாளப்படுத்தும் எண், பயன்பாட்டு நிபந்தனை ஆகியவற்றை ‘உரிமை மேலாண்மைத் தகவல்’ என்கிறது. 2012 திருத்தத்தில் சேர்ந்த 65பி பிரிவின்படி, அதைத் தெரிந்தே அகற்றுவோருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அகற்றப்பட்டது தெரிந்தும் அத்தகைய பிரதியைப் பரப்புவோருக்கும் இதே தண்டனைதான்.

கொட்டிவாக்கத்தில் ஓர் உணவகம் கடற்கரைப் படத்துடன் விளம்பரப் பதாகை அடிப்பதாகக் கொள்வோம். வாட்டர்மார்க்கை அழித்த மாதிரிப் படம் உரிமமற்றது. அளவில் சிறியதாதலால் பெரிதாக்கினால் மங்கும், அழித்த இடத்தில் திட்டும் தெரியும். படத்தின் எண்ணைக் குறித்து ‘ராயல்டி ஃப்ரீ’ உரிமம் வாங்குவதே நேர்வழி. ஒருமுறை கட்டணம் செலுத்தினால் நிபந்தனைக்குட்பட்டுப் பலமுறை பயன்படுத்தலாம். பெயர் சொல்வதுபோல அது இலவசமன்று. ‘எடிட்டோரியல்’ எனக் குறித்த படம் செய்திக்கும் கட்டுரைக்கும் மட்டுமே. விலை கொடுத்து வாங்கினாலும் விளம்பரத்தில் இடம்பெறலாகாது. பலரும் தவறுவது இங்கேதான்.

செலவின்றி வேண்டுவோர் விக்கிமீடியா காமன்ஸை நாடலாம். அங்கு ‘சிசி பிஒய்’ உரிமப் படத்தை, எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டு வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். படத்தில் அடையாளம் தெரியும் மனிதர் இருந்தால், விளம்பரத்துக்கு அவருடைய ஒப்புதலையும் தனியே பெற வேண்டும்.