ஜமாபந்தியில் ஒரு பழைய மாணவன் கேட்ட கேள்வி



சென்ற கோடையில் பட்டா பெயர் மாற்ற மனு கொடுக்க ஜமாபந்திக்குப் போயிருந்தேன். பந்தலில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தம்பி ஓடி வந்து, "டீச்சர், என்னைத் தெரியுதா? ஏழாம் வகுப்புல கடைசி பெஞ்ச்" என்றான். இப்போது அங்கேயே வருவாய்த் துறையில் வேலை. எனக்கு மோர் வாங்கிக் கொடுத்துவிட்டு அவன் கேட்டான்: "டீச்சர், பேனர்ல 'வருவாய்த் தீர்வாயம், பசலி 1434'ன்னு போட்டிருக்கோம். எல்லாரும் ஜமாபந்தின்னுதான் சொல்றாங்க. அதுல ஜமான்னா என்ன?"

ஜமா என்றால் ஓர் ஊரிலிருந்து இவ்வளவு வரி வர வேண்டும் என்று கணக்கில் எழுதிய தொகை. இந்தச் சொல் முகலாயர்களின் வருவாய்க் கணக்கில் புழங்கியது. பசலியும் அக்பர் காலத்தில் அறுவடையை ஒட்டி ஏற்பட்ட ஆண்டுக் கணக்குதான். இதைச் சொன்னேன், அவன் திருப்தியாகிவிட்டான். எனக்குத்தான் வீடு திரும்பும் வரை மனசு உறுத்தியது. மன்சப்தாரி முறை ஒரு ஐந்து மதிப்பெண் வினா, தோடர்மாலின் நிலவரி இன்னொரு ஐந்து மதிப்பெண் வினா என்று இரண்டையும் தனித்தனியாகத்தான் உங்களுக்கு நடத்தினேன். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்று ஒரு வருஷம்கூடச் சொல்லவில்லை. பாடநூலில் நடுவே வேறு பாடம் வந்துவிடும், நானும் அதோடு போய்விடுவேன். அந்தப் பாக்கியை இன்று தீர்க்கிறேன்.

மன்சப் என்றால் பதவிநிலை. முகலாய அரசில் பிரபு எவருக்கும் ஓர் எண் உண்டு. பத்தில் தொடங்கி ஆயிரங்களில் போகும். ஐயாயிரத்துக்கு மேலே பெரும்பாலும் இளவரசர்களுக்குத்தான். ராஜா மான்சிங் ஏழாயிரம் வரை போனது அபூர்வம். படைத்தலைவர், ஆளுநர், அரண்மனை அதிகாரி என எந்த வேலை பார்த்தாலும் தர்பாரில் அவர் நிற்கும் இடத்தை அந்த எண்தான் முடிவு செய்யும். அக்பரின் ஆட்சியின் பிற்பகுதியில், 1595 வாக்கில், ஒரு எண் இரண்டாகப் பிரிந்தது. முதல் எண் ஜாத். அது அவருடைய சொந்தத் தகுதியையும் சம்பளத்தையும் குறிக்கும். இரண்டாவது சவார். அவர் வைத்திருக்க வேண்டிய குதிரைவீரர்களுக்கான எண்.

இரண்டாவது எண் ஏன் வந்தது என்றால், ஏமாற்று. வீரர்களுக்கென்று பணத்தை வாங்கிக்கொண்டு வீரர்களே இல்லாமல் காலம் தள்ளினார்கள். பார்வையிடும் நாளில் வீட்டு வேலைக்காரர்களுக்கே சிப்பாய் உடை மாட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்று அக்பர் காலத்து வரலாற்றாசிரியர் பதாயூனி எழுதியிருக்கிறார். அதனால்தான் குதிரைக்குச் சூடு போட்டு முத்திரை வைப்பது, வீரனின் முக அடையாளங்களை ஏட்டில் எழுதுவது எல்லாம் வந்தன. (வருகைப் பதிவேட்டில் பெயர் மட்டும் இருக்கும் பிள்ளைகளை இன்ஸ்பெக்‌ஷன் நாளில் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த கதை நம் தொழிலிலும் உண்டு. பெயர் வேண்டாம்.)

சரி, இந்தச் சம்பளத்தை எப்படிக் கொடுத்தார்கள்? சிலருக்கு ரொக்கமாகக் கொடுத்தார்கள். பெரும்பாலோருக்கு ஜாகீர். ஜாகீர் என்றால் நிலத்தையே எழுதிக் கொடுப்பதில்லை. இன்ன பர்கானாவின் வரியை நீ வசூலித்துக்கொள், அதுதான் உன் சம்பளம் என்ற உத்தரவு. பிரபுவின் சம்பளத் தொகையும் அந்தப் பர்கானாவின் ஜமாவும் சமமாக இருக்கும்படி திவான் அலுவலகம் பார்த்து ஒதுக்கும். ஆகவே கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் மனிதனின் எண், மறு பக்கம் ஊரின் எண். ஊரின் எண் பொய்யானால் மனிதனின் எண்ணும் பொய்.

அக்பர் ஆட்சியின் ஆரம்பத்தில் ஊரின் எண் பொய்யாகத்தான் இருந்தது. சம்பளம் கேட்பவர்கள் அதிகம், நாடு சிறியது. அதிகாரிகள் என்ன செய்தார்கள்? காகிதத்தில் ஜமாவை உயர்த்திவிட்டார்கள்! நூறு வரும் ஊருக்கு இருநூறு என்று எழுதினால் இருநூறு சம்பளக்காரருக்கு அதைக் கொடுத்துவிடலாம். இதை அபுல் பசலே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

இதை உடைக்கத்தான் 1574-75இல் அக்பர் துணிந்து ஒரு காரியம் செய்தார். வட இந்திய மாகாணங்கள் பெரும்பாலானவற்றில் ஜாகீர்களை நிறுத்தி, நேரடியாக அரசின் கையில் எடுத்துக்கொண்டார். ஆளுக்கு ஒரு கோடி தாம் வருவாயுள்ள பகுதி என்று பிரித்து அதிகாரிகளை அனுப்பினார். தாம் என்பது செப்புக்காசு, நாற்பது தாம் ஒரு ரூபாய். கோடிக்குப் பொறுப்பானவர் என்பதால் அவர்களைக் கரோரி என்று அழைத்தார்கள்.

அவர்கள் நிலத்தை அளந்தார்கள். அதுவரை அளவுகோல் கயிறு. காலைப் பனியில் கயிறு நனைந்து சுருங்கும், மாலையில் காய்ந்து நீளும். சுருங்கிய கயிற்றால் அளந்தால் அதே வயல் அதிகப் பீகாவாகக் கணக்கில் ஏறும். வரி பீகாவுக்கு இவ்வளவு என்பதால் நஷ்டம் உழவனுக்கு. கயிற்றை நீக்கிவிட்டு, மூங்கில் துண்டுகளை இரும்பு வளையங்களால் கோத்த அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். தோடர்மால் என்றாலே எனக்கு இந்த மூங்கில்தான் நினைவுக்கு வரும்.

அடுத்தது விளைச்சல். ஆண்டுதோறும் பயிராகும் நிலத்தில் கோதுமைக் கணக்கை அயினி அக்பரியில் இப்படிப் போட்டிருக்கிறார்கள். நல்ல நிலத்தில் பீகாவுக்கு 18 மணங்கு, நடுத்தரத்தில் 12, மட்டமானதில் கிட்டத்தட்ட 9. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் சராசரி சுமார் 13 மணங்கு. அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் நாலே கால் மணங்கு, அரசின் பங்கு. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

இந்தத் தானியத்தை ஒவ்வோர் ஆண்டும் அன்றைய விலைக்குப் பணமாக்கினால், விலை நிலவரம் தலைநகருக்குப் போய் உத்தரவு திரும்பி வருவதற்குள் அறுவடையே முடிந்துவிடும். அதனால் 1580இல், முந்தைய பத்து ஆண்டுக் கணக்குகளைத் திரட்டி, பத்தில் ஒரு பங்கை ஓராண்டுக்கான வரியாக நிர்ணயித்தார்கள். பிந்தைய ஐந்தாண்டுகளுக்குக் கரோரிகள் காலத்து நேரடிக் கணக்கு இருந்தது. முந்தைய ஐந்துக்கு நம்பகமானவர்கள் சொன்னதை வைத்துக்கொண்டார்கள். இதுதான் நீங்கள் மனப்பாடம் செய்த தஹ்சாலா, பத்தாண்டு முறை. பகுதிவாரியாக, பயிர்வாரியாக, பீகாவுக்கு இத்தனை தாம் என்று பட்டியல் வந்தது. ஊரின் எண் முதல் முறையாக வயலுக்குப் பக்கத்தில் வந்தது. அதன் பிறகு ஜாகீர்களைத் திரும்பக் கொடுத்தார்கள்.

இது பேரரசு முழுவதும் நடந்ததாக நினைத்துவிடாதீர்கள். லாகூரிலிருந்து அலகாபாத் வரையிலான சமவெளியிலும் இன்னும் சில இடங்களிலும்தான். வங்காளத்திலும் காஷ்மீரிலும் வேறு வழக்கம். உழவனுக்கு இது முழு நிம்மதியும் இல்லை. பயிர் அடியோடு பொய்த்த பரப்பைக் கழித்தார்கள். ஆனால் விளைச்சல் குறைந்தாலும் விலை சரிந்தாலும் பீகாவுக்கான பணம் அதேதான். அறுவடைக் காலத்தில் ஊரே நெருக்கிக்கொண்டு தானியத்தை விற்க வரும், விலை விழும். நெல் போட்டவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

ஷாஜஹான் காலத்துக்கு வாருங்கள். இரண்டு எண்களும் மறுபடி விலகிவிட்டன. சவார் 1000 என்று எண் உள்ள ஒரு பிரபுவை எடுத்துக்கொள்வோம். சவார் ஒன்றுக்கு ஆண்டுக்கு 8000 தாம் என்பது அன்றைய விகிதம். ஆயிரத்துக்கு 80 லட்சம் தாம், அதாவது இரண்டு லட்சம் ரூபாய். அதே ஜமா உள்ள பர்கானாக்களை அவருக்கு ஒதுக்குவார்கள். போய்ப் பார்த்தால் உண்மையில் வசூலாவது ஒரு லட்சம்தான். அப்படிக் கைக்கு வருவதற்கு ஹாசில் என்று பெயர்.

அரசு ஜமாவைக் குறைக்கவில்லை, அவர் எண்ணையும் குறைக்கவில்லை. குறைத்தால் மானம் போய்விடுமே! பதிலாக, "இது ஆறு மாத ஜாகீர்" என்று எழுதினார்கள். ஆண்டுச் சம்பளத்தில் ஆறு மாதம் அளவுக்குத்தான் தேறும் என்று பொருள். பாதி வந்தால் ஆறு மாதம், மூன்றில் ஒரு பங்கு வந்தால் நாலு மாதம். அதற்கேற்பக் கடமையும் சுருங்கியது. ஜாகீர் உள்ள மாகாணத்திலேயே பணி என்றால் சவார் எண்ணில் மூன்றில் ஒரு பங்கு வீரரைக் கொண்டுவந்தால் போதும், வெளியே என்றால் நாலில் ஒரு பங்கு. தூர தேசமான பல்க் படையெடுப்பில் ஐந்தில் ஒரு பங்கு. நம் ஆயிரக்காரர் பல்கில் 200 பேரோடு நிற்பார். தர்பாரில் மட்டும் ஆயிரம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. யாரும் ஒரே இடத்தில் வேர்விடக் கூடாது என்று ஜாகீரை மூன்று, நான்கு ஆண்டுகளில் மாற்றிவிடுவார்கள். பரம்பரை ராஜாக்களின் சொந்த ஊர் மட்டும் விதிவிலக்கு. அடுத்த வருஷம் இருப்போமா என்று தெரியாதவன் கிணறு வெட்டுவானா? அகப்பட்டதைச் சுருட்டுவான். அவுரங்கசீப் காலத்தில் இங்கே இருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் இதைத்தான் குறை கூறினார். எல்லா ஜாகீர்தாரும் அப்படியே என்று சொல்ல முடியாது, வரலாற்றாசிரியர்கள் இதில் இன்றும் மோதிக்கொள்கிறார்கள். ஆனால் அவுரங்கசீப்பின் தக்காணப் போர் நீண்டபோது, எதிரிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் மன்சப் கொடுத்து, ஜாகீருக்கு ஊர் இல்லாமல் வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு என்பதில் சந்தேகமில்லை.

அந்தப் போரின் ஒரு முனை நம் செஞ்சி. எட்டு ஆண்டு முற்றுகைக்குப் பிறகு 1698இல் முகலாயர் கைக்கு வந்தது. பிறகு கோட்டைக் காவல் பண்டேலா ராஜபுத்திரரான சொரூப்சிங்கிடம் வந்தது. மன்சப் 2500. அவர் 1714இல் இறந்தார். மன்சப் தானாக மகனுக்குப் போகாது, அரசன் புதிதாகக் கொடுக்க வேண்டும். மகன் வந்து அப்பாவின் இடத்தில் அமர்ந்தான். ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகான் நிலுவை வரியைக் கேட்டார். மகன் மறுத்துப் போருக்குப் போய் அந்த ஆண்டே மாண்டான்.

அவன்தான் தேசிங்கு ராஜன். ஆண்டு விழாவில் அட்டைக் குதிரை செய்து நாம் போட்ட நாடகம் நினைவிருக்கிறதா? வீரத்தை மட்டும் வசனமாக எழுதினேன். சண்டை எதற்கு என்று ஒரு வரி எழுதவில்லை. குதிரையாக நின்ற இருவரும் இதைப் படித்தால் என்னை மன்னிக்கவும்.

அன்று மாலை அந்தத் தம்பிக்குப் போன் போட்டு, "ஜமா சொன்னேன், ஹாசில் சொல்ல மறந்துட்டேன்" என்று இதையெல்லாம் விளக்கினேன். அவன் சிரித்தான். "டீச்சர், எங்க ஏட்டுல இன்னைக்கும் மூணு கட்டம் இருக்கு. கேட்பு, வசூல், நிலுவை."