‘நாங்கள்’ குடும்பமா, ‘நாம்’ குடும்பமா? பொங்கல் வாழ்த்தில் எதைப் போடுவது?

பொங்கலுக்கு வீட்டில் எல்லோர் பெயரையும் போட்டு ஒரே வாழ்த்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவது இப்போது வழக்கம். அதில் சிக்கல் வருவது ஒரே ஒரு சொல்லில்தான்.

‘நாங்கள்’ என்றால் கேட்பவர் அதில் இல்லை. ‘நாம்’ என்றால் அவரும் சேர்த்தி. பேச்சில் நாங்க, நாம, எங்க, நம்ம.

வாழ்த்துவது ஒரு தரப்பு, பெறுவது இன்னொரு தரப்பு. அதனால் பக்கத்து வீட்டுக்கு, ‘எங்கள் குடும்பத்தின் சார்பில் வாழ்த்துகள்’ என்பதே சரி. ‘நம் குடும்பத்தின் சார்பில் உங்களுக்கு’ என்று எழுதினால், அவரே அவரை வாழ்த்திக்கொள்கிற மாதிரி ஆகிவிடும்.

ஆனால் அதே வாழ்த்து, கட்டிக்கொடுத்த மகளுக்கும் போகிறது என்று வையுங்கள். கீழே அப்பா, அம்மா, தம்பி பெயர்கள். அவள் பெயர் இல்லை. மேலே ‘எங்கள் குடும்பம்’. “அப்போ நான் யாரு?” என்று அவள் கேட்டால் அப்பாவிடம் பதில் இருக்காது. இலக்கணம் சரிதான், மனசுதான் இடிக்கும்.

இதற்கு ஒரு வழி உண்டு. ‘வாழ்த்துகிறோம்’ என்ற வினை இரண்டுக்கும் ஒன்றுதான். ‘-ஓம்’ விகுதி யாரையும் வெளியே நிறுத்தாது. எனவே ‘எங்கள்’ என்பதை எடுத்துவிட்டு, ‘அன்புடன் வாழ்த்துகிறோம்’ என்று எழுதி, கீழே பெயர்களைப் போட்டால் போதும். ஊருக்கும் அனுப்பலாம், மகளுக்கும் அனுப்பலாம்.

அவளுக்கு மட்டும் தனியாக ஒரு வரி சேர்ப்பதானால்: ‘நம்ம வீட்டுப் பொங்கலுக்கு வந்துடும்மா.’ அழைப்பில் மட்டும் ‘எங்க வீடு’ வேண்டாம்.