செவியில் பிறக்கும் சிலேடை: ஓலையிலிருந்து மேடை வரை



பிடோக்கில் உள்ள ஒரு வீட்டுக்கு விருந்தினர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடத்தில் கிடக்கும் மேசையைத் தட்டிப் பார்த்து, “இது தேக்கா?” என்று கேட்கிறார். “இல்லை, பிடோக்கிலேயே வாங்கியது” என்கிறார் வீட்டுக்காரர்.

சிங்கப்பூர்த் தமிழர்க்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் மொழியியல் மாணவர்க்கு இதில் பார்க்க வேண்டியது உண்டு. ‘தேக்கு’ என்னும் மரப்பெயரோடு ‘ஆ’ என்னும் வினா எழுத்துச் சேரும்போது, சொல்லின் இறுதியில் நிற்கும் குற்றியலுகரம் கெட்டுத் ‘தேக்கா’ என்றாகிறது. லிட்டில் இந்தியா வட்டாரத்தைக் குறிக்க நம்மவர் வழங்கும் ‘தேக்கா’ என்னும் பெயரும் அதே ஓசையுடையது. ஓசை ஒன்றாயிருத்தல் மட்டும் போதாது. வாக்கியமும் இரண்டு பொருளுக்கும் இடந்தர வேண்டும். “எங்கே வாங்கியது?” என்னும் கேள்விக்கும் “எந்த மரம்?” என்னும் கேள்விக்கும் மேசை பொதுவாக நிற்பதால் இங்கே அந்த இடம் கிடைக்கிறது. விருந்தினர் முருங்கைக்காயைக் கையில் எடுத்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்டிருந்தால் சிரிப்புக்கு வழியில்லை.

தண்டியலங்காரம் சிலேடையை இரண்டாக வகுக்கிறது. சொல்லைப் பிரிக்காமலே பல பொருள் தருவது செம்மொழிச் சிலேடை. பிரிக்கும் முறைக்கு ஏற்பப் பொருள் மாறுவது பிரிமொழிச் சிலேடை. மேசைக் கதை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இலக்கணம் படித்தவர்கள் ‘பலகை’, ‘பல கை’ என்பதையும் ‘தாமரை’, ‘தா மரை’ என்பதையும் நினைவுகூரலாம்.

இவ்வுரையில் நான் சொல்ல வருவது ஒன்றே. சிலேடை செவிக்கு உரியது. எழுதும் முறை மாறியபோதெல்லாம் அது வேறு வேறு இடத்தில் குடியேறியது. இன்றைய நகைச்சுவை மேடையில் அது வாழ்வதற்குக் காரணம், பேச்சுத் தமிழில் நிகழ்ந்த ஒலி மாற்றங்களே.

ஓலையும் அச்சும்

பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த காளமேகப் புலவரைச் சிலேடைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். பாம்புக்கும் எள்ளுக்கும், பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும், வைக்கோலுக்கும் யானைக்கும் பொருந்துமாறு அவர் பாடிய வெண்பாக்கள் புகழ்பெற்றவை. அவரை ஆசுகவி என்கிறது மரபு. கொடுத்த பொருளில் உடனே, கேட்பவர் முன்னிலையில் பாடுபவர் ஆசுகவி. அப்பாடல்களின் முதல் வாழ்வு வாயிலும் செவியிலுமே இருந்தது.

அவை ஓலையில் ஏறியபோதும் அந்த இயல்பு பெரிதும் கெடவில்லை. அதற்குக் காரணம் ஓலையின் எழுத்துமுறை. ஏட்டில் சொல்லுக்குச் சொல் இடம் விடும் வழக்கம் இல்லை. ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இடுவதில்லை. ரகரத்துக்கும் நெடிலைக் காட்டும் காலுக்கும் வடிவ வேறுபாடு கிடையாது. எனவே ஏட்டைப் படிப்பவர் வாய்விட்டுப் படித்து, எங்கே பிரிப்பது என்று தாமே முடிவு செய்தார். ஒரு வகையில் பிரித்தால் பாம்பு, மற்றொரு வகையில் பிரித்தால் எள். ஏடு இரண்டையும் தடுக்கவில்லை.

அச்சு வந்தபோது நிலைமை மாறியது. பதிப்பாசிரியர் சொற்களைப் பிரித்து அச்சிட்டாக வேண்டும். பிரிமொழிச் சிலேடையில் ஓரிடத்தில் பிரித்த உடனே ஒரு பொருள் வெளிப்படுகிறது, மற்றது மறைகிறது. ஆகையால்தான் சிலேடைப் பாடல்களின் பதிப்புகளில், பாடலைச் சீர் பிரித்துத் தந்தபின் “பாம்புக்குப் பொருள்”, “எள்ளுக்குப் பொருள்” என்று இரண்டு உரைகளைக் காண்கிறோம். மாணவர் பொருளை அறிந்துகொள்கிறார், ஆனால் சிரிப்பதில்லை. ஒரே ஓசை ஒரே கணத்தில் இரண்டாக விரியும் வியப்பு, உரையின் இரு பத்திகளுக்கு இடையே கரைந்துவிடுகிறது.

மேடை

செவிக்குத் திரும்பும் வழியை நாடகம் திறந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அவருடைய ‘சபாபதி’ 1941இல் திரைப்படமாகவும் வந்தது. சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் வேலைக்காரனே அதில் சிரிப்புக்கு ஊற்று. சோடாவை உடைத்துக் கொண்டுவரச் சொன்னால் புட்டியையே உடைத்துவிடுகிறான். அக்காலச் சோடாப் புட்டியின் கழுத்தில் ஒரு கோலி அடைத்துக்கொண்டிருக்கும். அதை உள்ளே அழுத்தித் திறப்பதையே ‘உடைப்பது’ என்றனர். ஒரு வினை, இரண்டு பொருள். இது தூய செம்மொழிச் சிலேடை. ஆனால் காளமேகத்தின் அரிய சொற்கள் இங்கே இல்லை. கடைத்தெருவின் அன்றாடச் சொல்லே போதுமானதாக இருக்கிறது.

இந்த மரபைப் பிற்காலத்தில் மிக விரிவாகக் கையாண்டவர் கிரேஸி மோகன் (1952–2019). பொறியியல் பட்டம் பெற்ற அவர் 1979இல் கிரேஸி கிரியேஷன்ஸ் என்னும் நாடகக் குழுவைத் தொடங்கினார். ஒருவர் சொல்லும் சொல்லை மற்றவர் வேறு பொருளில் பற்றிக்கொள்வதே அவர் உரையாடலை நடத்திச் செல்லும் உந்துவிசை. விளக்கம் சொல்ல அவர் நிற்பதில்லை. கேட்பவர் செவியே வேலையை முடித்துவிடும் என்னும் நம்பிக்கை அவர் எழுத்தில் உண்டு.

பேச்சுத் தமிழ் செய்த உதவி

அந்த நம்பிக்கைக்கு அடிப்படை என்ன? எழுத்தில் வேறுபடும் பல சொற்கள் பேச்சில் ஒன்றாகிவிட்டன. கன்னியாகுமரி வட்டாரம் போன்ற சில இடங்கள் நீங்கலாக, ரகர றகர வேறுபாடு பெரும்பாலான பேச்சு வழக்குகளில் மறைந்துவிட்டது. சிங்கப்பூர்த் தமிழிலும் அப்படியே. இதனால் ‘அரை’யும் ‘அறை’யும் செவிக்கு ஒன்று. வாடகைக்கு இடம் தேடி வந்த இளைஞர் ஒருவரை வைத்து இதைப் பார்ப்போம்.

“அண்ணே, உங்க வீட்டுல அறை இருக்கா?”

“அரைதான் தம்பி இருக்கு. மீதி அரையில நாங்க இருக்கோம்.”

இளைஞர் போனபின் மனைவி கேட்கிறார்:

“அந்தப் பையன் என்னங்க கேட்டான்?”

“அறை கேட்டான். வாடகை தரமாட்டேன்னு வேற சொன்னான். ஒண்ணு கொடுத்து அனுப்பிட்டேன்.”

இங்கே இரண்டு சிரிப்புகள் உள்ளன. இரண்டாவது, வீட்டின் அறைக்கும் கன்னத்தில் விழும் அறைக்கும் இடையிலானது. இரண்டுக்கும் எழுத்து ஒன்றே என்பதால் அச்சிலும் அது உயிரோடிருக்கிறது. முதலாவது அப்படியன்று. ‘அரைதான்’ என்று அச்சிட்ட உடனே விடை வெளிப்பட்டுவிடுகிறது. ‘அறைதான்’ என்று அச்சிட்டால் அடுத்த வாக்கியம் விளங்காது. பேசும்போது மட்டுமே “மீதி” என்னும் சொல் வரும் வரைக்கும் செவி ஏமாந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. “அவர் ஆட்டத்தில் பாவம் இல்லை” என்று எழுதினால், குற்றம் இல்லை என்றும் முகபாவம் இல்லை என்றும் இரு பொருள் தரும். ஆனால் வாய்விட்டுச் சொல்பவர் முதலெழுத்தை வல்லொலியாகவோ மெல்லொலியாகவோ ஒலித்தாக வேண்டும். ஒலித்ததும் ஒரு பொருள் விலகிவிடும். தாளில் பிறந்து மேடையில் மடியும் சிலேடை இது.

பேச்சு வழக்கு எழுத்துகளை மட்டுமன்றி விகுதிகளையும் ஒன்றாக்கியிருக்கிறது. ‘வந்தாள்’ என்பதும் ‘வந்தால்’ என்பதும் பேச்சில் ‘வந்தா’ என்றே முடிகின்றன.

“டேய், தங்கச்சி வந்தா...”

“வந்தா என்ன பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ண வேணாம். வந்து உன் மிட்டாயத் தின்னுட்டுப் போயிட்டா!”

அண்ணன் செய்தி சொல்கிறான். தம்பிக்கு அது நிபந்தனையாகக் கேட்கிறது. இதை நடிப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முடிந்த செய்தியைச் சொல்லும்போது குரல் தாழும். நிபந்தனையில் குரல் தாழாமல் அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கும். முதல் வரியில் குரலைத் தாழ்த்தினால் தம்பியின் மயக்கத்துக்குக் காரணமே இல்லாமல் போகும். பிரிமொழிச் சிலேடைக்கும் இது பொருந்தும். ‘பலகை’ என்பதில் ககரம் உயிர்களுக்கு நடுவே மென்மையாக ஒலிக்கிறது. ‘பல’ என்று நிறுத்திக் ‘கை’ என்றால் வல்லொலியாகிறது. நிறுத்துமிடமே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே முதலில் ஒரே சொல்லாக ஒலித்துவிட்டு, பிரிக்கும் வேலையை மறுமொழி சொல்பவரிடம் விடுவது நல்ல நகைச்சுவை எழுத்தாளர் கையாளும் முறை.

வகுப்பறையில்

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழலாம். லகர ளகர ழகர வேறுபாட்டையும் ரகர றகர வேறுபாட்டையும் ஆசிரியர்கள் அரும்பாடுபட்டுக் கற்பிக்கிறார்கள். அவற்றைக் கலந்து ஒலிப்பதால் பிறக்கும் நகைச்சுவை அந்த உழைப்பைக் கெடுக்காதா?

கெடுக்காது என்பதே என் முடிவு. ‘அறை’, ‘அரை’ என்னும் இரண்டு சொற்களையும் தனித்தனியே அறிந்தவர் மட்டுமே மேற்கண்ட உரையாடலுக்குச் சிரிக்க முடியும். ஒன்றை மட்டும் அறிந்த பிள்ளைக்கு அங்கே சிலேடையே இல்லை, குழப்பந்தான் இருக்கிறது. ஆங்கிலமே வீட்டுமொழியாகிவிட்ட பிள்ளைகள் நம் வகுப்புகளில் பலர். அவர்கள் எந்த வரிக்குச் சிரிக்கவில்லை என்று பார்த்தால், எந்தச் சொல் அவர்களிடம் இல்லை என்பது தெரிந்துவிடும். 2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப்பின் சிங்கப்பூர் வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு முறையான இடம் கிடைத்திருப்பதால், ‘வந்தா’ போன்ற வடிவங்களை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை.

மாணவர்கள் எழுதும் சிலேடை உரையாடல் செவிக்கு நிற்குமா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. எழுதியவர் அதைத் தாளைக் காட்டாமல் ஒருமுறை படிக்கட்டும். சிலேடைச் சொல் உள்ள வரியோடு அவர் நிறுத்த, மற்றவர்கள் அதைச் சொல்வதெழுதுதலாக எழுதட்டும். எல்லாரும் ஒரே சொல்லை ஒரே மாதிரி எழுதியிருந்தால், மறைந்திருக்க வேண்டிய பொருள் எழுதியவர் மனத்தில் மட்டுமே இருக்கிறது என்று பொருள். சிலர் ‘அரை’ என்றும் சிலர் ‘அறை’ என்றும் எழுதியிருந்தால் அந்த வரியை மேடையேற்றலாம். பிறகு இரண்டு எழுத்துகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதி வேறுபாட்டை விளக்க, ஆசிரியருக்கு அதைவிட நல்ல வேளை வாய்க்காது.