மிகுபுனைவு உலகங்களின் பொருளாதாரம்

கற்பனை நாடுகளின் உணவு, பயணம், நாணயம், வணிகம் ஆகியவற்றை ஃபேன்டஸி எழுத்தாளர்கள் அமைக்கும் முறை. நாட்டார் கதைகளில் இவை எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி எழுவதில்லை. ருஷ்யக் கதைகளில் வரும், விரித்ததும் விருந்து படைக்கும் துணியை யாரும் கணக்குக் கேட்பதில்லை. 1890களில் வில்லியம் மாரிஸ் முழுக் கற்பனை நிலத்தை நாவலின் களமாக்கினார்.

ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' (1954–55) பற்றியே சான்றுகள் மிகுதி. அதில் விலை எண்ணிக்கையோடு வரும் இடங்கள் அரிது. பிரீ ஊர் விடுதியில் ஓர் இரவில் பயணிகளின் குதிரைகள் எல்லாம் ஓடிப்போகின்றன. விடுதிக்காரர் ஒரு நோஞ்சான் மட்டக்குதிரையை 12 வெள்ளிக்காசுக்கு வாங்கித் தருகிறார். அதன் உண்மை மதிப்பைப்போல அது மூன்று மடங்காவது இருக்கும். தொலைந்தவற்றுக்கு ஈடாக இன்னும் 18 காசு தருகிறார். வசதியானவரான அவருக்கே இந்த 30 காசு பெரிய அடி என்கிறது கதை. ஒரு காசின் கனம் வாசகருக்கு இதிலேயே பிடிபடுகிறது. நாணயப் பட்டியல் தேவைப்படவில்லை.

புகையிலையின் கதை இன்னும் நுட்பமானது. வீழ்ந்த பகைக்கோட்டையான ஐசன்கார்டின் வெள்ளத்தில் இரண்டு சிறு பீப்பாய்கள் மிதந்து வருகின்றன. உள்ளே தொலைவிலுள்ள ஷயரில் விளைந்த உயர்ரக இலை. அது எப்படி அங்கு வந்தது என்ற ஐயம் அப்போது தீர்வதில்லை. ஷயருக்குத் திரும்பிய பிறகே, தோட்டங்களை வளைத்துப்போட்ட ஒருவன் விளைச்சலை ரகசியமாக வெளியே அனுப்பி ஊரைப் பஞ்சத்தில் தள்ளியது தெரியவருகிறது. வணிகத் தடயமே துரோகத்துக்குச் சாட்சியாகும் அழகான இடம் இது.

எதிரியின் தரிசு நாடான மோர்டோர் தன் படைக்கு எப்படிச் சோறு போட்டது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தெற்கே அடிமைகள் உழும் வயல்கள் இருப்பதாக நூல் ஒரு குறிப்புத் தருகிறது. அது போதுமா என்பது வாசகர்களின் பழைய வாதம்.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' (1974) விளையாட்டு பொற்காசைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 1978ஆம் ஆண்டின் விதிநூல், தன் உயர்ந்த விலைகளுக்குத் தங்க வேட்டைக் கால அலாஸ்கா ஊர்களை உவமை காட்டியது. அதே ஆண்டில் வரலாற்றாசிரியர் டொனால்ட் எங்கெல்ஸ் அலெக்சாண்டர் படையின் உணவைக் கணக்கிட்டார். அவர் கணக்கில் சுமைக்குதிரை தாங்குவது சுமார் 113 கிலோ. மேய்ச்சல் இல்லாவிட்டால் நாளுக்குத் தானியமும் தீவனமுமாக 9 கிலோ தின்னும். பன்னிரண்டாம் நாள் சுமையெல்லாம் அதன் வயிற்றுக்கே போய்விடும். இந்த அளவுகளைப் பின்வந்தோர் சிலர் ஏற்பதில்லை. ஆனாலும் பாலைவனத்தை மாதக்கணக்கில் கடக்கும் கற்பனைப் படைகள் நம்பிக்கையிழப்பது இங்கேதான்.

டயானா வின் ஜோன்ஸின் நையாண்டிக் கையேடு (1996), எந்நேரமும் ஸ்டியூ மட்டுமே உண்ணும் பயணிகளைக் கேள்வி கேட்டது: அது வேக மணிக்கணக்கு ஆகுமே?

2006இல் தொடங்கிய 'ஸ்பைஸ் அண்ட் வுல்ஃப்' என்ற ஜப்பானிய நாவல் வரிசையின் முதல் பகுதியில், ஒரு வெள்ளி நாணயத்தின் தூய்மையே கதை முடிச்சு.