கிட்னியைக் கொடுக்கலாம், விற்கக் கூடாது: ஃபிக்ஹ் சொல்லும் காரணம் என்ன?

2025 ஜூலையில், நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் கடனில் தவித்த விசைத்தறித் தொழிலாளர்களிடம் புரோக்கர்கள் கிட்னி வாங்கிய விவகாரம் வெளிச்சத்துக்கு வந்தது. திருப்பூரிலும் வாரக்கூலியை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். ஆகவே இந்த மார்க்கச் சட்டம் நமக்கும் அவசியமானது.

பனியன் கம்பெனி டெய்லர் ஒருவரின் இரண்டு கிட்னியும் செயலிழந்துவிட்டன, அவருடைய தம்பி ஒன்றைத் தர முன்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இது ஆகுமா?

மனித உடல் கண்ணியமானது, அதை வெட்டி எடுப்பது தடை என்பதே அடிப்படை. ஆனால் நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பது ஃபிக்ஹின் பொது விதி. வயிற்றில் குழந்தை உயிரோடிருக்க தாய் இறந்துவிட்டால், வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கலாம் என்று அக்காலத்து ஃபுகஹாக்களே சொல்லியிருக்கிறார்கள். உயிரைக் காப்பது அங்கே முந்திக்கொள்கிறது.

இந்த அனுமதிக்கு ஒரு கடிவாளமும் உண்டு. ஒரு தீங்கை அதே அளவு தீங்கால் நீக்கக் கூடாது. அண்ணனைப் பிழைக்க வைக்கத் தம்பியின் உயிரைப் பணயம் வைக்க முடியாது. அதனால்தான் 1989இல் டெல்லியில் இதை ஆராய்ந்த இந்திய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கொடுப்பவருக்கு வெளிப்படையான பாதிப்பு வராது என்று நிபுணர்கள் உறுதி சொல்ல வேண்டும், உறவினரின் உயிருக்கு ஆபத்து இருக்க வேண்டும், வேறு வழி இருக்கக் கூடாது, விலை வாங்கக் கூடாது என்ற நிபந்தனைகளுடன் அனுமதித்தது.

விலை மட்டும் ஏன் கூடாது? மனித முடியை விற்பதுகூடச் செல்லாது என்கிறது ஹனஃபி மத்ஹபின் 'ஹிதாயா'. மனிதனின் உறுப்பு சரக்கு அல்ல என்பதே காரணம். வாங்குபவருக்கு நிர்ப்பந்தம் இருப்பதால், விற்பவருக்கு அந்தப் பணம் ஹலாலாகிவிடாது.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி விற்பனைக்கு இப்போது 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. ஆனால் கொடுத்தவர் வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலியையும் அதற்கான செலவையும் ஈடுசெய்வதைச் சட்டம் விலையாகக் கருதுவதில்லை. முன்பின் தெரியாதவரை "அன்பினால் கொடுக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடவோ, உறவு காட்டிப் பொய்ச் சான்று தரவோ யாராவது சொன்னால், அது வியாபாரம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

மரணத்துக்குப் பின் கொடுப்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. 1988இல் ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, இறந்தவர் முன்பே சம்மதித்திருந்தாலோ வாரிசுகள் சம்மதித்தாலோ ஆகும் என்றது. இந்திய அகாடமியோ அத்தகைய வஸிய்யத்தை ஏற்கவில்லை. மூளைச்சாவை மரணமாகக் கொள்ளலாமா என்பதிலும் இதே போன்ற வேறுபாடு உண்டு. ஆஸ்பத்திரியில் சம்மதப் படிவம் நீட்டப்படும் நேரத்தில் இதை யோசிப்பது கடினம். குடும்பத்தார் தாங்கள் பின்பற்றும் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டு, முடிவை ஒருவருக்கொருவர் சொல்லி வைப்பது நல்லது.